வழவழப்பான மெஷ்ஷில் வேண்டிய விளிம்பை மட்டும் கூர்மையாக வைப்பது: பிளெண்டரில் எட்டுப் படிகள்

பிளெண்டரில் ஒரு வால்யூம் குமிழ் செய்ய எனக்கு மூன்று மாலைகள் போயின. முகங்களைப் பிரித்துப் பிரித்து வழவழப்பாக்கும் உட்பிரிவு மாடிஃபையரான `Subdivision Surface` போட்டவுடன் எல்லா விளிம்பும் சோப்புக்கட்டி போலக் கரைந்தது. கரையாமல் இருக்க ஒவ்வொரு விளிம்பின் பக்கத்திலும் துணை வளையங்கள் வெட்டினேன். அப்புறம் பக்கச் சுவரில் சுருக்கம் விழுந்தது, ஒரு அளவை மாற்ற வேண்டுமென்றால் பத்து வளையங்களை நகர்த்த வேண்டியிருந்தது. விளிம்பு மடிப்பைப் பிடித்துக்கொண்ட பிறகு அதே குமிழை இருபது நிமிடத்தில் முடித்தேன். மடிப்பிலும் பொறிகள் உண்டு, அவை எல்லாவற்றிலும் நான் விழுந்து எழுந்திருக்கிறேன். நீங்கள் விழ வேண்டாம் என்பதற்காக, அந்தக் குமிழையே இங்கே முதலிலிருந்து கட்டிக் காட்டுகிறேன்.

இங்கே மடிப்பு என்று சொல்வது திரையில் `Crease` என்று தெரிவதை. ஒரு விளிம்புக்கு நீங்கள் கொடுக்கும் 0 முதல் 1 வரையிலான எண் அது. மெஷ்ஷில் புதிதாக ஒரு முகம்கூட அது சேர்ப்பதில்லை. உட்பிரிவு நடக்கும்போது "இந்த விளிம்பைக் கரைக்காதே" என்று சொல்லும் குறிப்பு, அவ்வளவுதான்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பிளெண்டர் 4.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால் போதும். அது இலவசம். பழைய பதிப்பிலும் மடிப்பு வேலை செய்யும், ஆனால் 7-ஆம் படியில் வரும் நிழல் விஷயம் அங்கே வேறு மாதிரி.

`Scene` பண்புகளில் `Units` பகுதிக்குப் போய் `Length` என்பதை `Centimeters` ஆக்குங்கள். நாம் செய்யப் போகும் குமிழின் உடல் 4 செ.மீ. விட்டம், 2 செ.மீ. உயரம். அடியில் பாவாடை போல வெளியே விரியும். மூன்று இடங்களில் மூன்று விதமான விளிம்பு வேண்டும்: அடிவிளிம்பு கத்தி போல, உடலும் பாவாடையும் சேரும் இடம் மெழுகு போல, மேல்விளிம்பு இரண்டுக்கும் நடுவில், விரல் பட்டால் குத்தாத அளவு மெல்லிய உருட்டலோடு.

## 2. ஒரு கனசதுரத்தில் விதியைப் பாருங்கள்

குமிழுக்குப் போகும் முன் இதற்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். இதைத் தெரியாமல்தான் என் முதல் மாலை முழுக்கப் போனது.

புதுக் கோப்பில் இருக்கும் கனசதுரத்தைத் தேர்ந்து `Ctrl+3` அழுத்துங்கள். மூன்று படி உட்பிரிவு விழுந்து அது பந்தாகிவிடும். `Tab` அழுத்தி உள்ளே போய், மேல் முகத்தின் நான்கு விளிம்புகளைத் தேர்ந்து `Shift+E`, `1`, `Enter` கொடுங்கள். மேலே தட்டையான சதுரம் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். தட்டையாகும், ஆனால் சதுரமாகாது. கிட்டத்தட்ட வட்டமாக வரும்.

காரணம் இதுதான். ஒரு முனையில் மடிந்த விளிம்புகள் இரண்டு சேர்ந்தால், அந்த முனை ஒரு வளைகோட்டின் நடுப்புள்ளியாகக் கருதப்படும். அதனால் கோடு அங்கே வழவழப்பாக வளைந்து போகும். மூன்று அல்லது அதற்கு மேல் சேர்ந்தால்தான் அது மூலையாகி அசையாமல் நிற்கும். ஒன்றே ஒன்று வந்து முடிந்தால் கூர்மை அந்த முனையில் மெல்ல மறைந்துவிடும்.

சதுர மூலை வேண்டுமென்றால், முனைத் தேர்வுக்கு மாறி மேலே உள்ள நான்கு முனைகளைத் தேர்ந்து, `Vertex` மெனுவில் `Vertex Crease` எடுத்து அதே போல் 1 கொடுங்கள். இப்போது சதுரம் சதுரமாகவே நிற்கும். செங்குத்து விளிம்புகளையும் மடித்து இதைச் சாதிக்கலாம்தான், ஆனால் அவையும் மேல் பகுதியில் கூர்மையாகிவிடும். எது வேண்டும் என்பது பொருளைப் பொறுத்தது.

நம் குமிழுக்கு இந்த விதி நல்லதாகவே அமைகிறது. வட்ட விளிம்பில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு மடிப்புகள்தான் சேரும். அதனால் எண்கோணம் தானாகவே வட்டமாகும்.

## 3. எட்டே பக்கம் போதும், ஆனால் ஆரத்தைக் கூட்டுங்கள்

`Tab` அழுத்தி வெளியே வந்து, கனசதுரத்தை அழித்துவிட்டு, `Add > Mesh > Cylinder` எடுங்கள். இடது கீழே திறக்கும் பெட்டியில் `Vertices` 8, `Depth` 2cm, `Cap Fill Type` என்பதில் `Nothing`. ஆரம் 2cm என்று தட்டக் கை போகும். தட்டாதீர்கள். `2.216cm` என்று கொடுங்கள்.

உட்பிரிவு முனைகளை உள்ளே இழுக்கும். எண்கோண வளையத்தில், கடைசியில் கிடைக்கும் வட்டத்தின் ஆரம் நீங்கள் கொடுத்ததில் 0.902 பங்குதான். ஒவ்வொரு முனையும் தன் இடத்தில் நான்கு பங்கும், இரண்டு பக்கத்து முனைகளிலிருந்து ஒவ்வொரு பங்கும் எடுத்து ஆறால் வகுத்த இடத்துக்குப் போய் நிற்கும். எட்டு முனைக்குக் கணக்குப் போட்டால்:

```
(4 + 2*cos(45°)) / 6 = 0.902
2 cm / 0.902 = 2.216 cm (தோராயமாக)
```

பதினாறு முனை வைத்தால் சுருக்கம் 0.975 ஆகக் குறையும். அதற்காகப் பதினாறுக்குப் போக வேண்டாம். எட்டு முனையிலேயே வட்டம் எவ்வளவு சரியாக வருகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். முனை இருக்கும் திசையிலும் இரண்டு முனைக்கு நடுத்திசையிலும் ஆரத்தின் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றைச் சுற்றித்தான். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மற்றொரு பாகத்தோடு பொருந்த வேண்டிய பொருள் செய்கிறவர்கள் மட்டும் இந்தச் சுருக்கத்தை மறந்துவிடக் கூடாது. நான் மறந்து, மூடி கிண்ணத்துக்குள் நழுவி விழும் அளவுக்குச் சிறியதாக வந்தது.

## 4. வளையங்களும் மூடிகளும்

`Tab` அழுத்தி உள்ளே போங்கள். `Ctrl+R` அழுத்தி, சுட்டியைப் பக்கச் சுவரில் வைத்து, சுட்டியின் சக்கரத்தைச் சுழற்றி இரண்டு வெட்டு ஆக்கி, நகர்த்தாமல் உறுதி செய்யுங்கள். இப்போது மேலிருந்து கீழாக நான்கு வளையங்கள், இடைவெளி ஒவ்வொன்றும் 6.7 மி.மீ. `Alt` அழுத்திச் சொடுக்கி அடி வளையத்தை மட்டும் தேர்ந்து `S`, `1.3`, `Enter`. பாவாடை வந்துவிட்டது.

இரண்டு வெட்டு ஏன் என்று கேட்கலாம். ஒன்று மட்டும் வைத்தால் மேல்விளிம்பிலிருந்தே சுவர் வளையத் தொடங்கிவிடும், உடல் நேராக நிற்காது. மேலிருந்து மூன்று வளையங்கள் ஒரே ஆரத்தில் இருந்தால் முதல் இரண்டுக்கு நடுவே சுவர் நேராக நிற்கும். வளைவு அதற்குக் கீழேதான் ஆரம்பிக்கும்.

அடுத்து மூடிகள். மேல் வளையத்தைத் தேர்ந்து `Face > Grid Fill`. நான்கு நாற்கர முகங்கள் விழும். அடி வளையத்துக்கும் அதே. அதன் பிறகு மேலே உள்ள நான்கு முகங்களையும் தேர்ந்து `I` அழுத்தி ஒரு சொடுக்கு, பெட்டியில் `Thickness` 0.67cm என்று கொடுங்கள். இந்த உள்வளையம் அலங்காரத்துக்கு இல்லை. 6-ஆம் படியில் இதுதான் உங்களைக் காப்பாற்றும்.

மொத்தம் நாற்பது முகங்கள். எல்லாமே நாற்கரம்.

## 5. மடிப்பு கொடுப்பது

அடி வளையத்தைத் தேர்ந்து `Shift+E`, `1`, `Enter`. விளிம்பின் நிறம் மாறித் தெரியும். தெரியவில்லை என்றால் மேலே `Overlays` பட்டியலில் `Creases` அணைந்திருக்கும், அதை ஏற்றுங்கள்.

மேல் வளையத்துக்கு 0.45 கொடுக்கப் போகிறோம். அதை `Shift+E`-யால் செய்யாதீர்கள். `Shift+E`, `0.45` என்று தட்டினால் மடிப்பு 0.45 ஆகாது, ஏற்கெனவே இருக்கும் மதிப்போடு 0.45 கூடும். முதல் முறை சரியாக வரும், ஏனென்றால் இருப்பது பூச்சியம். "கொஞ்சம் குறைப்போமே" என்று இரண்டாவது முறை 0.3 தட்டினால் 0.75 ஆகிவிடும். குறைக்கக் குறைக்க ஏன் விளிம்பு கூராகிறது என்று நான் வெகுநேரம் திகைத்து உட்கார்ந்திருந்தேன். மடிப்பை முழுதாக நீக்க `Shift+E`, `-1` என்று கொடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

சரியான எண் வைக்க `N` அழுத்தி, `Item` தாவலில் `Mean Crease` பெட்டியில் நேராக எழுதுங்கள். 0.45 என்று எழுதினால் 0.45தான்.

`Tab` அழுத்தி வெளியே வந்து `Ctrl+3`. குமிழ் வந்திருக்கும். வலப்பக்கம் `Dimensions` பாருங்கள்: `X`, `Y` இரண்டும் 5.2 செ.மீ. அருகில் இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே பாவாடையின் விட்டம் தெரிகிறது, 4-ஐ 1.3 ஆல் பெருக்கியது. 5.76 என்று வந்தால் மாடிஃபையர் விழவில்லை. எண் 5.2-க்கு வெகுவாகக் குறைந்தால் அடி மடிப்பு விழவில்லை.

## 6. அந்த எண்ணுக்கு உண்மையில் என்ன பொருள்

எல்லோரும் தடுமாறும் இடம் இது. 0.5 என்றால் பாதிக் கூர்மை என்று நினைப்போம். அப்படி இல்லை. பிளெண்டர் உள்ளே இந்தக் கணக்கைப் போடுகிறது:

```
sharpness = crease * crease * 10
```

கிடைக்கும் கூர்மை எண்ணை, "எத்தனை உட்பிரிவுப் படிகள் வரை இந்த விளிம்பு கரையாமல் தாங்கும்" என்று படியுங்கள். 0.45-இன் வர்க்கத்தைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய 2. முதல் இரண்டு படிகளுக்கு விளிம்பு கத்தி போல நிற்கும், மூன்றாவதிலிருந்து சாதாரணமாகக் கரையும். அந்தக் கரைதல்தான் மெல்லிய உருட்டலாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு படி தாங்க 0.32, மூன்று படிக்கு 0.55, நான்கு படிக்கு 0.63. கூர்மை 10-ஐத் தொட்டால், அதாவது மடிப்பு 1 என்றால், எத்தனை படி போனாலும் கரையாது.

0.7, 0.8, 0.9 எல்லாம் ஏன் ஒரே மாதிரி தெரிகின்றன என்பதற்கு விடையும் இதுவே. 0.7-ஏ ஐந்து படிகள் தாங்கும். நீங்கள் பார்ப்பதோ மூன்று படி. கண்ணால் பார்த்துத் திருத்தக்கூடிய பகுதி 0.2-க்கும் 0.6-க்கும் இடையில்தான் இருக்கிறது.

உருட்டல் எவ்வளவு அகலம் வரும்? இரண்டு படி தாங்கினால், பக்கத்து முகத்தின் அகலம் இரண்டு முறை பாதியாகும். நம் சுவர்ப் பட்டை 6.7 மி.மீ., அது 3.3 ஆகி, 1.7 ஆகும். அந்த 1.7 மி.மீ. அளவுக்குள்தான் உருட்டல் நடக்கும். அதாவது உருட்டலின் அகலத்தை மடிப்பு எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. பக்கத்து முகங்களின் அளவும் தீர்மானிக்கிறது.

மேலே 4-ஆம் தலைப்பில் `I` போட்டு உள்வளையம் வைத்தது இதற்காகத்தான். அது இல்லாமல் இருந்திருந்தால் மேல் மூடியில் விளிம்புக்கும் மையத்துக்கும் நடுவே 22 மி.மீ. நீள முகம். இரண்டு முறை பாதியாக்கினாலும் 5.5 மி.மீ. சுவர்ப் பக்கம் 1.7, மூடிப் பக்கம் 5.5 என்று உருட்டல் கோணலாக வரும். மேலே தட்டையாக இருக்க வேண்டிய இடம் விளிம்பை நோக்கிச் சரிந்து, மாத்திரை போலத் தெரியும். அப்படித் தெரிந்தால் மடிப்பு எண்ணைத் தொடாதீர்கள். விளிம்பின் இரு பக்கமும் உள்ள பட்டைகளைச் சம அகலமாக்குங்கள், சரியாகிவிடும்.

## 7. நிழல் அழுக்காகத் தெரிந்தால்

வலது சொடுக்கில் `Shade Smooth` கொடுங்கள். உடலும் மேல்விளிம்பும் அழகாகும். அடிவிளிம்பைச் சுற்றி மட்டும் புகை படிந்தது போல ஒரு கறுப்புப் பட்டை ஓடும். வடிவம் கெட்டுப்போனதென்று பதறி நான் மெஷ்ஷையே அழித்துத் திரும்பக் கட்டியிருக்கிறேன். வடிவத்தில் கோளாறு ஒன்றுமில்லை. சுவரும் அடியும் ஒரே முனைகளைப் பகிர்வதால், இரண்டின் திசையையும் சராசரி எடுத்து நிழல் போடப்படுகிறது. அதைத்தான் அழுக்காகப் பார்க்கிறோம். உட்பிரிவைக் கூட்டினால் பட்டை மெலியுமே தவிரப் போகாது.

அடி வளையத்தைத் தேர்ந்து `Edge > Mark Sharp` கொடுங்கள், பட்டை போய்விடும். 4.1-க்கு முந்தைய பதிப்பில் இதோடு மெஷ் பண்புகளில் `Normals` கீழே `Auto Smooth` ஏற்றினால்தான் இது பலிக்கும். மடிப்பு வடிவத்துக்கு, `Mark Sharp` நிழலுக்கு. ஒன்று மற்றொன்றைத் தானாகக் கொண்டுவராது. மடிப்பு 1 உள்ள விளிம்புக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். 0.45 கொடுத்த மேல்விளிம்பில் போட்டால் உருட்டலின் நடுவே கோடு விழும்.

இன்னொரு வழியும் உண்டு, படமெடுக்கும் வேலைக்கு நான் இப்போது அதிகம் பயன்படுத்துவது அதைத்தான். கையில் எடுத்துப் பார்த்தால் எந்தப் பொருளின் விளிம்பும் முழுக் கூர்மையாக இருப்பதில்லை. விளிம்பில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு ஓடும். மடிப்பு 1-இல் அந்தக் கோடு வராது. அதனால் எல்லா மடிப்பையும் 1 என்றே வைத்து, இரண்டு `Subdivision Surface` மாடிஃபையர்களை ஒன்றன் கீழ் ஒன்றாகப் போடுகிறேன். முதலாவதில் இரண்டு படி. இரண்டாவதிலும் இரண்டு படி, ஆனால் `Advanced` பகுதியில் `Use Creases` அணைத்துவிடுகிறேன். முதலாவது விளிம்பைக் கூராக நிறுத்தும், இரண்டாவது அதை மெல்ல உருட்டும். எல்லா விளிம்பையும் ஒரே இடத்தில் கட்டுப்படுத்தலாம்: முதலாவதின் படியை ஒன்று கூட்டினால் உருட்டல் பாதியாகும். இந்த முறையில் `Mark Sharp` போடக் கூடாது, போட்டிருந்தால் `Clear Sharp` கொடுத்து எடுத்துவிடுங்கள்.

இதில் ஒரே ஒரு பொறி. மாடிஃபையரில் `Levels Viewport`, `Render` என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது மாடிஃபையரில் அவை வேறுபட்டால், திரையில் பார்த்த உருட்டல் ஒன்று, படத்தில் வருவது வேறொன்று. இரண்டையும் சமமாக வையுங்கள். இரண்டாவது மாடிஃபையரில் வேறுபட்டால் பரவாயில்லை, அங்கே வழவழப்புதான் கூடும்.

## 8. செலவும் கோப்பும்

இங்கே செலவு என்பது முகங்களின் எண்ணிக்கை. ஒவ்வொரு படிக்கும் நான்கு மடங்கு. நம் நாற்பது முகம் இரண்டு படியில் 640, மூன்றில் 2,560, நான்கில் 10,240. ஒரு குமிழுக்கு இது ஒன்றுமில்லை. முப்பது குமிழ் உள்ள ஒரு பலகையில் நான்கு படி என்றால் மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். வேலை செய்யும்போது திரையில் இரண்டு படியே வைத்துக்கொண்டு, உருட்டலைச் சரிபார்க்கும்போது மட்டும் நான்குக்கு ஏற்றுங்கள். இரண்டே படியில் 0.45 மடிப்பின் உருட்டல் ஒழுங்காகத் தெரியாது. "மடிப்பு வேலை செய்யவில்லை" என்ற முடிவுக்கு அங்கே வந்துவிடாதீர்கள்.

கோப்பு விஷயத்தில் கவனம். `.stl`, `.obj`, `.glb` எதுவும் மடிப்பைச் சுமக்காது. வேறு மென்பொருளில் திறந்து அங்கே உட்பிரிவு போட்டால் பழைய சோப்புக்கட்டிதான் வரும். ஏற்றுமதிப் பெட்டியில் மாடிஃபையர்களைச் செயல்படுத்தும் தேர்வு ஏறியிருக்கிறதா என்று பார்த்து, முடிந்த வடிவத்தையே அனுப்புங்கள். மடிப்போடு அனுப்ப வேண்டுமென்றால் அலெம்பிக் அல்லது யூஎஸ்டி கோப்பாக எழுதலாம், இரண்டிலும் மடிப்புக்கு இடம் உண்டு. அங்கேயும் பெறுகிறவர் தன் மென்பொருளில் ஒரு விளிம்பையாவது சரிபார்க்கட்டும். பிளெண்டரில் 0 முதல் 1 வரை உள்ள எண் எல்லா மென்பொருளிலும் அதே அளவுகோலில் இருப்பதில்லை.

மாடிஃபையரைச் செயல்படுத்தாத `.blend` கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். செயல்படுத்திச் சேமித்துவிட்டால் நாற்பது முகம் 2,560 முகமாகிவிடும். அதன் பிறகு பாவாடையை 1.3-லிருந்து 1.25 ஆக்குவது ஒரு வளையத்தை அளவு மாற்றும் வேலையாக இருக்காது.

இன்னொருவரிடமிருந்து வந்த கோப்பில் எங்கேயோ ஒரு விளிம்பு காரணமில்லாமல் கூராக இருந்தால், ஒரு மடிந்த விளிம்பைத் தேர்ந்து `Shift+G` அழுத்தி `Crease` எடுங்கள், அதே மதிப்புள்ள எல்லாம் தேர்வாகும். எந்த மடிப்பும் இல்லாமலே ஒரு கோடு கூராகப் பிளந்து நின்றால், அங்கே முனைகள் ஒட்டாமல் இரட்டையாக இருக்கும். எல்லாவற்றையும் தேர்ந்து `M`, `By Distance` கொடுத்தால் ஒட்டிக்கொள்ளும், கோடும் மறையும்.